முதல் பிரதி வரை 60 லட்சம்: சிறு படத்தின் பணம் எங்கே போகிறது, எது முதலில் வெட்டப்படுகிறது

ஒரு சிறு படத்துக்கு எவ்வளவு செலவானது என்று கேட்டால், தமிழ்த் திரைத்துறையில் சொல்லப்படும் தொகை பெரும்பாலும் 'ஃபர்ஸ்ட் காப்பி' எனப்படும் முதல் பிரதி வரையிலான தொகையாகவே இருக்கும். கதை எழுதுவதில் தொடங்கி, படப்பிடிப்பு, படத்தொகுப்பு, ஒலிக்கலவை, நிறத்திருத்தம் எல்லாம் முடிந்து, திரையிடக்கூடிய ஒரு பிரதி கைக்கு வரும்வரை ஆகும் செலவு அது. அதற்குப் பிறகான விளம்பரம், திரையரங்குகளுக்குப் படத்தை அனுப்பும் கட்டணம் ஆகியவை அந்தத் தொகையில் சேராது. சில நேரங்களில் சொல்லப்படும் தொகை அதைவிடவும் குறுகியதாக, படப்பிடிப்பு முடிந்த நாள்வரை கையை விட்டுப் போன பணத்தை மட்டுமே குறிக்கும். ராபர்ட் ரோட்ரிகஸ் 1990களின் தொடக்கத்தில் மெக்சிகோவின் எல்லையோர ஊர் ஒன்றில் எடுத்த 'எல் மரியாச்சி' சுமார் 7,000 டாலரில் முடிந்த படம் என்று இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் மக்கள் திரையரங்கில் பார்த்த பிரதிக்காக, படத்தை வாங்கிய கொலம்பியா நிறுவனம் 35 மி.மீ. படச்சுருளுக்கு மாற்றவும் ஒலியைச் சீர்செய்யவும் அந்தத் தொகையைப் போலப் பல மடங்கு செலவிட்டது. ஆகவே, ஒரு தொகையைக் கேட்டவுடன் அது எந்தக் கட்டம் வரையிலான தொகை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தக் கட்டுரை முதல் பிரதி வரையிலான கணக்கை எடுத்துக்கொள்கிறது. விளக்கத்துக்காக ஒரு கற்பனைப் படத்தை வைத்துக்கொள்வோம். மதுரை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் நடக்கும் கதை, ஓடும் நேரம் 100 நிமிடம், காட்சிகள் 72, படப்பிடிப்பு இடங்கள் 19, பேசும் பாத்திரங்கள் பத்து, அவர்களில் பெரும்பாலோர் அந்த ஊர்க்காரர்கள். கையில் இருப்பது 60 லட்சம் ரூபாய், அதற்கு மேல் வர வழியில்லை. இங்கே தரும் விலைகள் அனைத்தும் கணக்கைப் புரிந்துகொள்வதற்கான மாதிரி விலைகள். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள், பேரம் பேசுபவரின் திறமைக்கேற்ப அவை மாறும்; விகிதங்கள் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை.

முதலில் படப்பிடிப்பின் ஒரு நாளைப் பார்ப்போம். நடிகர்களையும் சேர்த்து நாற்பது பேர் இருக்கும் ஒரு யூனிட்டுக்கு, காலை டிபனிலிருந்து இரவு உணவு வரை தேநீர் உட்பட ஆளுக்கு 400 ரூபாய் என்றால் நாளொன்றுக்கு 16,000 ரூபாய். லைட்மேன், புரொடக்‌ஷன் உதவியாளர், மேக்கப், காஸ்ட்யூம் உதவியாளர் எனத் தினக்கூலிக்கும் பேட்டாவுக்கும் வேலை செய்யும் இருபது பேருக்குச் சராசரியாக 1,200 வீதம் 24,000. கேமராவும் லென்ஸ்களும் 15,000. விளக்குகள், ஜெனரேட்டர், டீசல் 18,000. வாகனங்கள் 16,000. வெளியூரிலிருந்து வந்தவர்கள் தங்கும் அறைகள் 12,000. நேரடி ஒலிப்பதிவுக் கருவிகளும் அதற்கான இரண்டு ஆட்களும் 9,000. இடத்துக்கான வாடகை, அன்றாடம் வாங்கவேண்டிய சில்லறைப் பொருள்கள், அனுமதிக்காக அலையும் செலவு என்று 10,000. கருவி வாடகைகளின் மேல் வரும் 18 விழுக்காடு ஜிஎஸ்டி இந்தத் தொகைகளுக்குள்ளேயே இருப்பதாகக் கொள்வோம். பலர் பேசி முடித்த வாடகையை மட்டும் எழுதிவைத்துவிட்டு, பில் வரும்போதுதான் அந்த வரியை நினைத்துப்பார்க்கிறார்கள். எல்லாம் கூட்டினால் ஒரு நாள் 1,20,000 ரூபாய்.

இயக்குநர் முதலில் 24 நாள் கேட்கிறார். ஒரு நாளைக்கு மூன்று காட்சிகள் என்பது நியாயமான வேகம்தான். அப்படியென்றால் படப்பிடிப்புச் செலவு மட்டும் 28.8 லட்சம். நாள் கணக்கோடு சேராத செலவுகள் தனியே இருக்கின்றன. திரைக்கதை வேலை, இடம் பார்த்தல், உள்ளூர் நடிகர்களுக்கான பயிற்சி ஆகியவற்றுக்கு 3.5 லட்சம். இயக்குநர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், இசையமைப்பாளர், முக்கிய நடிகர்கள் எல்லோருக்குமான சம்பளம், வெட்கப்படும் அளவுக்குக் குறைத்து, 10 லட்சம். கலை இயக்கத்துக்கும் உடைகளுக்கும் வாங்கும் பொருள்கள் 2 லட்சம். ஹார்ட் டிஸ்க்குகளுக்கு 1 லட்சம். அலுவலகம், ஒப்பந்தங்கள், கணக்காளர், காப்பீடு 1.5 லட்சம். படப்பிடிப்புக்குப் பிந்தைய வேலைகளான எடிட்டிங், ஒலி வடிவமைப்பும் மிக்ஸிங்கும், டி.ஐ. எனப்படும் நிறத்திருத்தம், பின்னணி இசைப்பதிவு, சப்டைட்டில், தணிக்கை, திரையரங்குகளில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் பிரதியான டிசிபி எல்லாம் சேர்த்து 12.5 லட்சம். இந்த வகைச் செலவுகளின் கூட்டுத்தொகை 30.5 லட்சம். இரண்டையும் சேர்த்தால் 59.3 லட்சம் வருகிறது.

பார்ப்பதற்கு இது 60 லட்சத்துக்குள் அடங்கிய கணக்கு. எதிர்பாராச் செலவுக்கென்று மிஞ்சுவது 70,000 ரூபாய் மட்டுமே என்பதால், இது நடைமுறையில் ஏற்கெனவே உடைந்துபோன கணக்கு. மழையால் ஒரு நாள் நின்றால் 1.2 லட்சம் போய்விடும். பழக்கப்பட்ட தயாரிப்பு நிர்வாகிகள் மொத்தத்தில் பத்து விழுக்காட்டையாவது எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்குவார்கள். சிறு படங்களில் முதலில் வெட்டப்படுவது பெரும்பாலும் அந்த ஒதுக்கீடுதான். அதை வெட்டினார்கள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அது கணக்கில் எழுதப்படுவதே இல்லை. கையிலிருக்கும் தொகையைப் போலவே செலவுத் தொகையும் வரும்படி கணக்கை வளைத்து எழுதினால், அந்த வரிக்கு இடம் கிடைக்காது.

ஆக, இந்தப் படத்துக்குச் சுமார் 5 லட்சம் ரூபாயைக் கண்டுபிடித்தாக வேண்டும். எங்கிருந்து எடுப்பது?

கண்ணுக்கு முதலில் படுவது சாப்பாடு. ஆளுக்கு 100 ரூபாய் குறைத்தால் நாளொன்றுக்கு 4,000, இருபத்துநான்கு நாளுக்கு 96,000 மிச்சம். ஒரு முழுப் படத்தின் சாப்பாட்டையும் சுருக்கினால் கிடைப்பது ஒரு நாள் படப்பிடிப்புச் செலவைவிடக் குறைவு. படப்பிடிப்புத் தளத்தில் 'புரொடக்‌ஷன்' என்ற சொல்லே சாப்பாடும் தேநீரும் கொண்டுவருபவர்களைக் குறிக்கப் பயன்படுகிறது. அந்த ஏற்பாடு தடுமாறினால் காலை முதல் ஷாட் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும், மதியத்துக்குப் பிறகு யாரும் வேகமாக நடக்கமாட்டார்கள். அடுத்து கேமரா. 15,000 ரூபாய் கேமராவுக்குப் பதில் 8,000 ரூபாய் கேமராவை எடுத்தால் மொத்தத்தில் 1.68 லட்சம் மிஞ்சும். இதைச் செய்வதில் தவறில்லை. இன்றைய சிறிய கேமராக்களின் படத்தைத் திரையரங்கில் பார்க்கும் பெரும்பாலான ரசிகர்களுக்கு வேறுபாடு தெரியாது. ஆனாலும் அதுவும் ஒன்றரை நாள் செலவுதான். இப்படி ஒவ்வொரு விலையாகச் சுரண்டிப் பார்த்தால், சண்டைகள் நிறைய வரும், பணம் கொஞ்சமாக வரும். நாளின் விலை 1.2 லட்சம் என்றிருக்கும்போது, மிச்சம் பிடிப்பதற்குரிய அலகு நாள்தான். நான்கு நாள்கள் குறைந்தால் 4.8 லட்சம் கிடைக்கும். படப்பிடிப்பு 24 லட்சம், மற்றவை 30.5 லட்சம், மொத்தம் 54.5 லட்சம், எதிர்பாராச் செலவுக்கு 5.5 லட்சம் மிஞ்சும். அதாவது செலவுத் தொகையில் நாம் தேடிய ஏறத்தாழ பத்து விழுக்காடு.

நாளைக் குறைப்பது என்றால் வேகமாக எடுப்பது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். 72 காட்சிகளையும் இருபது நாளில் எடுப்பதாக அட்டவணையில் எழுதிவிட்டால் காகிதத்தில் நான்கு நாள் குறைந்துவிடும்; தளத்தில் குறையாது. ஒரு நாளுக்குள் எத்தனை காட்சி எடுக்கலாம் என்பதை நடிப்போ இயக்கமோ தீர்மானிப்பதைவிட அதிகமாக, இடமாற்றமும் இரவும் கூட்டமும் தீர்மானிக்கின்றன. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு யூனிட் நகர்ந்தால், விளக்குகளைக் கழற்றி வண்டியில் ஏற்றி, இறக்கி, மறுபடி கட்டுவதில் இரண்டு, மூன்று மணி நேரம் எளிதாகக் கரையும். இரவுக் காட்சி என்றால் பெரிய விளக்குகளும் ஜெனரேட்டரும் கூடுதல் ஆட்களும் வேண்டும். கால்ஷீட் நேரத்தைத் தாண்டினால் அரைக் கால்ஷீட், முழுக் கால்ஷீட் என்று கூலி ஏறும். மறுநாள் காலையில் யூனிட்டை எழுப்ப முடியாது என்பதால் அந்த நாளின் பாதியும் போகும். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான ஃபெப்சியின் உறுப்பினர்களோடு வேலை செய்யும்போது இந்தக் கூடுதல் நேரக் கணக்கு எழுதப்பட்ட விதி. உறுப்பினரல்லாத நண்பர்களோடு வேலை செய்யும்போது அது எழுதப்படாததாக இருக்கும். செலவு என்னவோ இரண்டிலும் இருக்கிறது. இரண்டாவதில் களைப்பாக வெளிப்படும்.

ஆகவே கத்தரி வைக்கவேண்டிய இடம், படப்பிடிப்புக்கு முன்பே முழுமையாக எழுதி முடித்த திரைக்கதையான பவுண்ட் ஸ்கிரிப்ட். நம் படத்தில் தயாரிப்பு நிர்வாகியும் இணை இயக்குநரும் உட்கார்ந்து, ஒவ்வொரு காட்சிக்கும் இடம், நேரம், ஆட்கள், பொருள்கள் ஆகியவற்றைப் பிரித்து எழுதுகிறார்கள். அப்போதுதான் சில விஷயங்கள் தெரியவருகின்றன. ஐந்து இடங்களில் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு காட்சி மட்டும் இருக்கிறது. கதாநாயகன் வங்கிக்குப் போகும் காட்சியில் சொல்லப்படும் செய்தி, கடன் மறுக்கப்பட்டது என்ற ஒன்றே. அதை வீட்டுத் திண்ணையில் அவன் மனைவியிடம் சொல்வதாக மாற்றினால் ஓர் இடமும் ஓர் இடமாற்றமும் மறைகின்றன. பேருந்து நிலையத்தில் நடக்கும் பிரிவு, ஊர் எல்லையில் உள்ள பேருந்து நிறுத்தத்துக்கு வருகிறது. பதினோரு இரவுக் காட்சிகளில் ஏழு, விடியற்காலைக்கோ அந்திக்கோ மாற்றப்படுகின்றன. அந்தி வெளிச்சம் அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்பதால், அங்கே நீண்ட உரையாடலை எழுத முடியாது. எனவே அந்தக் காட்சிகள் சுருங்குகின்றன, இரண்டு காட்சிகள் ஒன்றாகின்றன. இந்த வேலை முடியும்போது 72 காட்சிகள் 64 ஆகவும், 19 இடங்கள் 13 ஆகவும் நிற்கின்றன. இருபது நாளில் நாளொன்றுக்கு 3.2 காட்சி. முன்பிருந்த வேகத்தோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ அதே வேகம். இது இயக்குநருக்கு வலிக்கும் வேலைதான். ஆனால் எதை இழக்கிறோம் என்று தெரிந்து இழக்கும் வாய்ப்பு இந்த ஒரு கட்டத்தில்தான் அவருக்குக் கிடைக்கிறது.

சில காட்சிகள் எழுத்தில் மலிவாகத் தெரியும். கிராமத்துக் கதையில் ஆடு மேய்ப்பதும் மாடு ஓட்டுவதும் இலவசம் என்று தோன்றும். விலங்குகள் தோன்றும் காட்சிகளுக்கு இந்திய விலங்குகள் நல வாரியத்திடம் படப்பிடிப்புக்கு முன்பே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். அந்த வாரியத்தின் சான்று இல்லாமல் தணிக்கைச் சான்றிதழ் கிடைக்காது. தளத்தில் திடீரென்று யோசித்துச் சேர்த்த ஓர் ஆட்டுக்குட்டி, ஆறு மாதம் கழித்துத் தணிக்கைக்குப் போகும்போது, காட்சியை நீக்கச் சொல்லும் காரணமாகத் திரும்பி வரலாம். அதேபோல, உண்மையான ஊர்த் திருவிழாவில் போய்ச் சிறிய கேமராவில் எடுத்துவிட்டால் கூட்டம் இலவசம் என்பது சிறு படக்காரர்களின் நெடுநாள் உத்தி. கூட்டம் இலவசம்தான், ஒலிபெருக்கியில் ஓடும் சினிமாப் பாட்டு இலவசமில்லை. அந்தப் பாட்டு வசனத்தின் அடியில் கலந்து பதிவாகிவிட்டால் பிரித்தெடுப்பது கடினம், உரிமை வாங்குவது அதைவிடக் கடினம். சார்லஸ் பர்னெட் 1970களில் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் பல்கலைக்கழக மாணவராக எடுத்த 'கில்லர் ஆஃப் ஷீப்' 10,000 டாலருக்கும் குறைவான செலவில் முடிந்தது. அதில் அவர் பயன்படுத்திய பாடல்களின் உரிமையைத் தீர்க்காததால் படம் முறையாகத் திரையரங்குக்கு வர 2007 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த உரிமைகளுக்கு ஆன செலவு சுமார் 1,50,000 டாலர். நம் படத்தில் திருவிழாவை ஒலியில்லாமல் காட்சியாக மட்டும் எடுத்துவிட்டு, வசனம் வரும் பகுதிகளை மறுநாள் கோயில் மதிலோரத்தில் பத்துப் பேரை வைத்து எடுக்கிறார்கள்.

ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் எதிர்பாராச் செலவுக்கு அடுத்து வெட்டுக்கு உள்ளாவது பெரும்பாலும் நேரடி ஒலிப்பதிவுதான். தமிழில் நீண்ட காலமாக டப்பிங்கே வழக்கம் என்பதால், 'டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற வாக்கியம் தளத்தில் மிக இயல்பாக வரும். நாளுக்கு 9,000 வீதம் இருபது நாளுக்கு 1.8 லட்சம் உடனடியாக மிஞ்சுகிறது; தளத்தில் அமைதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, ஜெனரேட்டரைப் பக்கத்திலேயே நிறுத்தலாம், சாலையோரத்தில் தயங்காமல் எடுக்கலாம். தொழில்முறை நடிகர்கள் நடிக்கும் படத்தில் இந்தக் கணக்கு ஒத்துவரும். நம் படத்தில் பேசும் பத்துப் பேரில் பெரும்பாலோர் ஊர்க்காரர்கள். அவர்களைச் சென்னைக்கு அழைத்துவந்து தங்கவைக்கும் செலவு 60,000 என்றும், உதட்டசைவோடு பேச்சைப் பொருத்தப் பழகாதவர்களை வைத்துக்கொண்டு ஸ்டுடியோவில் பன்னிரண்டு நாள் ஆகும் என்றும், நாளுக்கு 10,000 வாடகை என்றும் கொண்டால், இதுவரை 1.8 லட்சம். மிச்சம் பிடித்தது முழுவதும் இதோடு தீர்ந்தது. இனி நடை, கதவு, பாத்திரம், துணி உரசல், காகம், தூரத்து டிராக்டர் என்று தளத்தில் தானாகக் கிடைத்திருக்கவேண்டிய ஒவ்வோர் ஓசையையும் புதிதாக உருவாக்க வேண்டும்; அதற்கு ஒன்றரை லட்சம் சேர்த்தால் டப்பிங் வழி மொத்தம் 3.3 லட்சத்தில் நிற்கிறது. பணத்தைவிடப் பெரிய இழப்பு, அந்த ஊர்ப் பேச்சின் ஏற்ற இறக்கம் குளிரூட்டப்பட்ட அறையில் திரும்ப வருவதில்லை என்பது. வேறு குரல்களை வைத்துப் பேசவைத்தால், ஊர்க்காரர்களை நடிக்கவைத்த காரணமே அடிபட்டுப்போகிறது.

நேரடி ஒலியைத் தேர்ந்துகொண்டவர்களுக்கு வேறு கடமை உண்டு. இடம் பார்க்கப் போகும்போது ஒலிப்பதிவாளரையும் அழைத்துப்போக வேண்டும். அதுவும் காட்சி எடுக்கப்போகும் அதே நேரத்தில். காலை ஏழு மணிக்கு அமைதியாக இருந்த தெருவில் பதினோரு மணிக்கு மாவு மில் ஓடத் தொடங்கும். பணம் குறைவாக இருக்கும்போது இரண்டாம் முறை இடம் பார்க்கும் பயணம் ரத்தாகும். மாவு மில் படப்பிடிப்பு நாளன்றுதான் தெரியவரும். அந்த மில்காரருக்கு அரை நாள் வருமானத்தைக் கொடுத்து நிறுத்தச்சொல்வது, யூனிட் அரை நாள் காத்திருப்பதைவிட மலிவு என்பதைத் தயாரிப்பு நிர்வாகி ஒரு நொடியில் கணக்குப் போடுவார், கையில் எதிர்பாராச் செலவுக்கான பணம் இருந்தால். ஒவ்வோர் இடத்திலும் காட்சி முடிந்ததும் ஒரு நிமிடம் யாரும் அசையாமல் நின்று அந்த இடத்தின் வெறும் ஒலியைப் பதிவுசெய்வது இலவசமான வேலை. அது இல்லாமல் போனால், படத்தொகுப்பில் ஒவ்வொரு வெட்டின்போதும் பின்னணி ஓசை தாவுவது காதில் விழும்.

கேமராவைப் பற்றிச் சொல்ல இன்னும் ஒன்றுதான் இருக்கிறது. அதன் வாடகையை எல்லோரும் கவனிக்கிறார்கள், அது உண்டாக்கும் கோப்பின் அளவைச் சிலரே கவனிக்கிறார்கள். 4கே அளவில் ப்ரோரெஸ் 422 எச்க்யூ வடிவில் ஒரு மணி நேரம் பதிவுசெய்தால் ஏறத்தாழ 320 ஜிபி ஆகும். நாளுக்கு இரண்டு மணி நேரம் வீதம் இருபது நாளில் சுமார் 13 டிபி சேரும். எல்லாவற்றுக்கும் குறைந்தது இரண்டு நகல்கள், வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும் என்பதால் 26 டிபி. இரண்டாவது நகலை மிச்சப்படுத்தும் படங்கள் உண்டு. ஒரு டிஸ்க் பழுதானால் அதில் இருந்த நாள்கள் ஒவ்வொன்றும் மறுபடி 1.2 லட்சம்.

இனி, எது முதலில் வெட்டப்படுகிறது என்பதன் அடியில் இருக்கும் காரணத்துக்கு வரலாம். சிறு படத்தில் பணம் முக்கியத்துவத்தின் வரிசையில் தீர்வதில்லை, தேதியின் வரிசையில் தீர்கிறது. படப்பிடிப்பில் எல்லாச் செலவும் அன்றன்றைக்கு உடனே கொடுக்கவேண்டியது; லைட்மேனின் பேட்டாவையும் வாகனத்தின் டீசலையும் தள்ளிப்போட முடியாது. பிந்தைய வேலைகளுக்கான 12.5 லட்சத்தில் ஒலிக்கு ஒதுக்கிய நான்கு லட்சமோ இன்னும் யாருக்கும் கொடுக்கப்படாமல் வங்கியில் கிடக்கும். பதினேழாம் நாள் பணம் போதவில்லை என்றால், அதைத் தொடுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஒலி வடிவமைப்பாளர் தளத்தில் இல்லை, அவருக்காகப் பேசவும் ஆள் இல்லை. இப்படியாக மிக்ஸிங்கும் டி.ஐ.யும் சப்டைட்டிலும் எந்த விவாதமும் இல்லாமல் குறைக்கப்படுகின்றன. படப்பிடிப்பு முடிந்து, எடிட் செய்த ஒரு வரைவுப் பிரதியோடு ஆண்டுக்கணக்கில் நின்றுபோன படங்கள் நிறைய இருப்பதற்கு இதுவே பெருங்காரணம். தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகம் கோவாவில் நடத்தும் ஃபிலிம் பஜாரில் முடிவுறாத படங்களுக்கென்று தனிப் பட்டறை இருப்பதும், ரோட்டர்டாம் விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி போன்ற உதவிகளைச் சுயாதீன இயக்குநர்கள் துரத்துவதும் இந்தப் பின்னணியில்தான். அவை போட்டியில் வென்றால் கிடைப்பவை. அவற்றைக் கணக்கின் வரவுப் பக்கத்தில் முன்கூட்டியே எழுதிவைப்பது ஆபத்து.

இதைத் தடுக்க ஒரு வழி, பிந்தைய வேலைகளுக்கான 12.5 லட்சத்தைப் படப்பிடிப்புக் கணக்கிலிருந்து பிரித்து, இருவர் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும் என்ற வேறொரு கணக்கில் போட்டுவிடுவது. இன்னொன்று, செலவை மட்டும் பார்க்காமல் செலவையும் முடிந்த காட்சிகளையும் சேர்த்துப் பார்ப்பது. நம் படத்தில் எட்டாம் நாள் இரவு கணக்குப் பார்க்கிறார்கள். செலவு 9.6 லட்சம், திட்டமிட்டபடியே இருக்கிறது. எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் 25 காட்சிகள் முடிந்திருக்க வேண்டிய இடத்தில் 20 மட்டும் முடிந்திருக்கின்றன. அதாவது உண்மையான வேகம் நாளுக்கு இரண்டரைக் காட்சி. மீதமிருக்கும் 44 காட்சிகளில், மீதமிருக்கும் பன்னிரண்டு நாளில் 30தான் எடுக்க முடியும். எதிர்பாராச் செலவுக்கான பணத்திலிருந்து நான்கு நாளை வாங்கினால் இன்னும் பத்து. நான்கு காட்சிகள் எப்படியும் எடுக்கப்படாது. எட்டாம் நாளில் இதைத் தெரிந்துகொண்டால், எந்த நான்கு என்பதை இயக்குநர் தேர்ந்தெடுக்கலாம். தெரிந்துகொள்ளாவிட்டால், அட்டவணையில் கடைசியாக இருந்த நான்கு காட்சிகள் தாமாகவே விடுபடும். அவற்றில் ஒன்று படத்தின் முடிவுக்காட்சியாகவும் இருக்கலாம். பிறகு 'பேட்ச் ஒர்க்' என்ற பெயரில் மூன்று மாதம் கழித்து யூனிட்டை மறுபடி திரட்டுவார்கள். இதற்குள் ஒரு நடிகர் தாடி எடுத்திருப்பார், வயல் அறுவடை ஆகியிருக்கும்.

சம்பளத்தை ஒத்திவைப்பது இன்னொரு பழக்கமான வெட்டு. 'படம் விற்றபிறகு தருகிறேன்' என்று சொல்லிக் குறைத்த தொகையைச் சேமிப்பு என்று எழுதுவது கணக்குப்படி தவறு, அது கடன். அதை ஒப்பந்தத்தில் தொகையோடும், எந்த வருமானத்திலிருந்து யாருக்கு முதலில் என்ற வரிசையோடும் எழுத வேண்டும். இல்லையென்றால் விற்பனைப் பேச்சு வரும்போது, படத்தின் உரிமை யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற உரிமைச் சங்கிலியைக் காட்டச் சொல்லும் வாங்குபவர் அங்கேயே நின்றுவிடுவார். நடைமுறைச் சிக்கல் இன்னும் முன்னதாகவே வரும். சம்பளமில்லாமல் வந்த உதவி ஒளிப்பதிவாளருக்கு நடுவில் சம்பளமுள்ள விளம்பரப் பட வேலை வந்தால் அவர் போகத்தான் செய்வார், அவரைக் குறை சொல்ல முடியாது. எடிட்டிங் அறையை நண்பர் இலவசமாகத் தந்தால், கட்டணம் கொடுப்பவர் வராத இரவுகளில் மட்டும் அது கிடைக்கும். இரண்டு மாத வேலை ஏழு மாதம் ஆகும். 60 லட்சத்தில் 30 லட்சம் ஃபைனான்சியரிடம் மாதம் 2 விழுக்காடு வட்டிக்கு வாங்கியது என்று வைத்துக்கொண்டால், அந்தக் கூடுதல் ஐந்து மாதத்துக்கு வட்டி மட்டும் 3 லட்சம். நம் கணக்கில் எடிட்டிங் அறைக்கு ஒதுக்கியிருந்ததோ 2 லட்சம்.

முதல் பிரதி கைக்கு வந்தபிறகான செலவு வேறு கணக்கு என்று தொடக்கத்தில் சொன்னோம். ஆனால் அதன் சில வரிகள் படப்பிடிப்புக்கு முன்பே முடிவாகின்றன. திரையரங்கில் டிஜிட்டல் முறையில் படம் ஓட்டுவதற்குச் சேவை நிறுவனங்கள் தயாரிப்பாளரிடம் வாங்கும் கட்டணமே 2018 மார்ச்சில் தமிழ்த் தயாரிப்பாளர்கள் புதிய படங்களை வெளியிடாமல் நிறுத்திவைத்த போராட்டத்துக்குக் காரணம். நூறு திரைகளில் வெளியாகும் சிறு படத்துக்கு, திரை எண்ணிக்கையோடு பெருகும் இந்தக் கட்டணம் பெரிய சுமை. எனவே பத்துப் பதினைந்து திரைகளே போதும் என்று முன்பே தீர்மானிப்பவர்கள் உண்டு. ஓடிடி தளத்துக்கு விற்க நினைப்பவர்களுக்கு வேறு பட்டியல் காத்திருக்கிறது: 5.1 ஒலிக்கலவை, பிழையில்லாத சப்டைட்டில், நடிகர்களும் இசையமைப்பாளரும் இடத்தின் உரிமையாளர்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள், வேற்றுமொழியில் டப்பிங் செய்வதற்காக வசனம் நீக்கிய இசையும் ஓசையும் மட்டும் அடங்கிய தனி ஒலித்தடம். நேரடி ஒலிப்பதிவில் எடுத்த படத்தில் வசனத்தோடு சேர்ந்தே நடையும் பாத்திர ஓசையும் பதிவாகியிருப்பதால், வசனத்தை நீக்கும்போது அவையும் போய்விடும். அவற்றை நிரப்ப ஓசைக்கலைஞரை மறுபடி அமர்த்த வேண்டும். நம் 4 லட்ச ரூபாய் ஒலிச்செலவில் இதற்கான தொகை சேர்க்கப்படவில்லை. சேர்ப்பதானால் இன்னும் ஒரு நாள் படப்பிடிப்பைக் குறைக்க வேண்டும், அல்லது படத்தைத் தமிழில் மட்டும் விற்பது என்று இப்போதே முடிவெடுக்க வேண்டும்.